முதல் நூறு சொற்கள்: எண்ணிக்கைப்படி அடுக்குவதா, தலைப்பு வாரியாக அடுக்குவதா?

புதிதாக ஒரு மொழி படிக்க உட்காரும் யாருக்கும் முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். எந்தச் சொல்லை முதலில் படிப்பது? கடையில் கிடைக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் தலைப்பு வாரியாக இருக்கும். காய்கறிகள், நிறங்கள், உடல் உறுப்புகள், உறவுமுறைகள் என்று பக்கத்துக்கு ஒரு தலைப்பு. இன்னொரு கட்சி இருக்கிறது. அவர்கள் சொல்வது இதுதான்: ஒரு பெரிய உரையை எடுத்து, எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணு, அதிகம் வருவதிலிருந்து ஆரம்பி.

எங்கள் மேல்விஷாரத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல சோதனைக்களம் கைவசமே இருக்கிறது. இங்கே சின்ன வயதில் ஓதப் போன யாருக்கும் அரபி எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். குர்ஆனை முதலிலிருந்து கடைசி வரை பல தடவை ஓதி முடித்தவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. ஆனால் ஓதியதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பாதிப் பேருக்கு மேல் மொழிபெயர்ப்பைத்தான் பார்க்க வேண்டும். நாற்பது, ஐம்பது வயதில், வேலை, கடை எல்லாம் போக ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் ஒதுக்கி, ஓதுவதைப் புரிந்துகொண்டே ஓத வேண்டும் என்று நினைக்கிற ஒருவர் இருக்கிறார் என்று வச்சுக்கலாம். அவருக்குச் சொல் வரிசையைத் தப்பாகக் கொடுத்தால் ஆறு மாசத்தில் விட்டுவிடுவார். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

எண்ணிப் பார்த்தால் என்ன தெரிகிறது

குர்ஆனில் மொத்தம் சுமார் 77,000 சொற்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான குர்ஆன் சொல்தொகுப்பு ஒவ்வொரு சொல்லுக்கும் வேர், வகை, உருபு எல்லாம் பிரித்துக் குறித்து வைத்திருப்பதால் எண்ணுவது சுலபம். 'மின்' (இருந்து) 3,200 தடவைக்கு மேல் வருகிறது. 'அல்லாஹ்' 2,699. 'ஃபீ' (இல், உள்ளே) 1,700 தடவை. 'கால' (சொன்னான்) என்ற வினை எல்லா வடிவங்களிலும் சேர்த்து 1,600 தடவைக்கு மேல். 'ரப்பு' 970 தடவைக்கு மேல். இந்த ஐந்து சொற்கள் மட்டும் பத்தாயிரம் இடங்களை அடைத்துக்கொள்கின்றன. மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு.

இப்போது இன்னொரு ஐந்தைப் பாருங்கள். பக்ல் (கீரை), கிஸ்ஸாவு (வெள்ளரி), ஃபூம் (பூண்டு, கோதுமை என்றும் சொல்வார்கள்), அதஸ் (பருப்பு), பஸல் (வெங்காயம்). எந்தத் தலைப்புவாரி புத்தகத்திலும் 'காய்கறிகள்' பக்கத்துக்குப் பொருத்தமான ஐந்து. குர்ஆனில் இவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் வருகின்றன. அதுவும் ஐந்தும் ஒரே வசனத்தில், இரண்டாம் சூராவின் 61ஆம் வசனத்தில். அந்த வசனத்தை விட்டால் வேறெங்கும் வேலை இல்லை. 'நிறங்கள்' பக்கமும் அப்படித்தான். சிவப்பு என்ற சொல் ஒரே இடத்தில் வருகிறது.

ஐந்து சொல் படித்துப் பத்தாயிரம் இடம் புரிவதும், அதே உழைப்பில் ஐந்து இடம் புரிவதும் ஒன்றா? இந்தக் கணக்கைப் பார்த்ததும் எண்ணிக்கைக் கட்சிதான் ஜெயித்தது என்று தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துப் படிக்க உட்காரும்போதுதான் சிக்கல்கள் வரும்.

முதல் சிக்கல்: எதை ஒரு சொல் என்று எண்ணுவது

கம்ப்யூட்டர் தெரிந்த யாரும் முதலில் செய்வது இதுதான்:

```
tr -s ' ' '\n' < quran.txt | sort | uniq -c | sort -rn | head -20
```

இடைவெளியில் வெட்டி, அடுக்கி, எண்ணி, முதல் இருபதைக் காட்டும். பத்து விநாடி வேலை. ஆனால் வருகிற பட்டியலை அப்படியே நம்ப முடியாது. அரபியில் 'வ' (உம்), 'பி' (ஆல்), 'லி' (கு), 'அல்' எல்லாம் அடுத்த சொல்லின் தலையில் ஒட்டிக்கொள்ளும். 'மின்' ஒரு வரியிலும் 'வமின்' இன்னொரு வரியிலும் தனித்தனிச் சொற்களாக எண்ணப்படும். 'கால' (சொன்னான்), 'காலூ' (சொன்னார்கள்), 'யகூலு' (சொல்கிறான்), 'குல்' (சொல்) நான்கும் நான்கு வேறு சொற்கள் போல நிற்கும்.

தமிழில் இதே கட்டளையை ஓட்டிப் பார்த்தால் இந்தப் பிரச்சினை இன்னும் பளிச்சென்று தெரியும். வீடு, வீட்டை, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீடும் எல்லாம் ஆளுக்கொரு வரியில் சிதறிக் கிடக்கும். 'வீடு' பட்டியலில் கீழே போய்விடும். உருபு ஒட்டாத 'ஒரு', 'அந்த', 'என்று' மட்டும் மேலே வந்து நிற்கும். அதனால் எண்ணுவதற்கு முன்னால் ஒட்டுகளைப் பிரித்து, வடிவங்களை ஒரு தாய்ச்சொல்லின் கீழே சேர்க்க வேண்டும். இதைச் செய்யாத எண்ணிக்கைப் பட்டியல் எதையும் நம்பாதீர்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே வினையின் இரண்டு மூன்று வடிவங்கள் பட்டியலில் தனித்தனி எண்ணோடு இருந்தால் அது பிரிக்காத பட்டியல்.

இரண்டாவது சிக்கல்: அதிகம் வரும் சொல்தான் கஷ்டமான சொல்

பட்டியலின் தலையில் இருப்பதெல்லாம் மின், ஃபீ, அலா (மேல்), மா, லா (இல்லை) போன்ற குட்டிச் சொற்கள். இவற்றைத் தனியாகப் படித்தால் மனசில் நிற்காது. 'இருந்து' என்பதைப் படமாக வரைய முடியாது. அதோடு, ஒவ்வொன்றுக்கும் பல வேலை. 'மா' என்பது ஒரு இடத்தில் 'என்ன?', இன்னொரு இடத்தில் 'இல்லை', மூன்றாவது இடத்தில் 'எதுவோ அது'. பட்டியலில் ஒரு வரி, படிப்பவருக்கு மூன்று பாடம்.

வினைகளும் இப்படித்தான். அதிகம் புழங்கும் வினைகள் எந்த மொழியிலும் கோணல்மாணலாகத்தான் இருக்கும். தமிழ் படிப்பவருக்கு 'வா' எப்படி 'வருகிறேன்' ஆகி 'வந்தேன்' ஆனது என்பது தலைவலி. ஆனால் 'வா' இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. அரபியில் 'கால', 'கான' (இருந்தான்) இரண்டும் நடு எழுத்து கரைந்துபோகிற வகை. இலக்கண வரிசைப்படி நடத்துகிற பாடத்தில் இவற்றின் முழு விளக்கம் வெகு பின்னால்தான் வரும். எண்ணிக்கை வரிசையிலோ முதல் வாரத்திலேயே வந்து நிற்கும்.

இந்த இடத்தில் நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைச் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க அரபி படிப்பவர்கள் 'மதீனா புத்தகம்' என்று சொல்கிற மூன்று பாக பாடநூலை எழுதிய வி. அப்துர் ரஹீம் வாணியம்பாடியில் பிறந்தவர். மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு அரபி நடத்தியவர். அவருடைய முதல் பாடத்தில் எண்ணிக்கைப் பட்டியல் வாசனையே இருக்காது. 'இது' என்ற ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வீடு, பள்ளிவாசல், கதவு, பேனா, சாவி, கட்டில், நாற்காலி என்று கண்ணால் பார்க்கிற பொருள்களோடு ஒட்டிக் காட்டுகிறார். தமிழ் போலவே அரபியிலும் 'இது வீடு' என்று சொல்ல நடுவில் வினை தேவையில்லை. அதனால் இரண்டே சொல்லில் முதல் பக்கத்திலேயே முழு வாக்கியம் கிடைத்துவிடுகிறது. ஃபீ, அலா, மின், இலா போன்ற குட்டிச் சொற்கள் நாலாவது பாடத்தில்தான் வருகின்றன. அதற்குள் கட்டிலும் நாற்காலியும் தெரிந்துவிட்டதால், எது எதன் மேல் என்று காட்ட பொருள் கைவசம் இருக்கிறது.

அதாவது குட்டிச் சொற்கள் ஆணி மாதிரி என்றால், அவை மாட்டிக்கொள்ளச் சுவர் வேண்டும். அந்தச் சுவர் பெயர்ச்சொற்கள். ஆனால் எந்தப் பெயர்ச்சொற்கள் என்பது படிப்பவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அப்துர் ரஹீமின் மாணவர்கள் அங்கே போய்த் தங்கிப் படிக்க வந்தவர்கள். மாணவன், ஆசிரியர், சாவி, கட்டில் அவர்களுக்கு அன்றாடம். மேல்விஷாரத்தில் உட்கார்ந்து ஓதுவதைப் புரிந்துகொள்ள நினைப்பவருக்குப் பேனாவும் சாவியும் அவ்வளவு அவசரமில்லை.

மூன்றாவது சிக்கல்: 80 சதவீதம் என்பது எவ்வளவு

எண்ணிக்கைப் பட்டியல்களை விற்கிறவர்கள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: 'இத்தனை சொல் படித்தால் 80 சதவீதம் புரியும்'. 80 சதவீதச் சொற்கள் தெரியும் என்பது சரி. 80 சதவீதம் புரியும் என்பது தப்பு. தமிழிலேயே பார்க்கலாம். இது நான் சோதனைக்காக எழுதிய வாக்கியம்:

'நேற்று மாலை அந்த ____ இருந்து வெளியே வந்த ____ ஆற்றில் கலந்ததால் இரண்டு ____ உடனே மூட வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள்.'

பதினெட்டு சொற்களில் பதினைந்து கொடுத்திருக்கிறேன். 83 சதவீதம். விஷயம் புரிகிறதா? எதிலிருந்து எது வந்தது, எதை மூடணும்? விட்டுப்போன மூன்று சொற்கள்: தொட்டியில், கழிவுநீர், டேனரிகளை. பாலாற்றங்கரைக்காரர்கள் ஊகித்திருப்பார்கள், ஆனால் அது ஊரைத் தெரிந்ததால் வந்த ஊகம். சேதி முழுக்க அந்த மூன்று சொற்களில்தான் இருந்தது.

2000ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் என்ற இருவர் ஆங்கிலக் கதை ஒன்றை வைத்து இதைச் சோதித்தார்கள். 80 சதவீதச் சொற்கள் மட்டும் தெரிந்த நிலையில் படித்தவர்களில் ஒருவருக்கும் போதுமான அளவுக்குக் கதை புரியவில்லை. துணையில்லாமல் நிம்மதியாகப் படிக்க 98 சதவீதம் பக்கத்தில் வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். நம்ம கணக்கில் போட்டுப் பார்க்கலாம். பதினைந்து வரி குர்ஆனில் 604 பக்கம். பக்கத்துக்குச் சராசரியாக 128 சொல். 80 சதவீதம் என்றால் பக்கத்துக்கு 26 தெரியாத சொற்கள், வரிக்கு ஏறக்குறைய இரண்டு. 98 சதவீதம் என்றால் பக்கத்துக்கே இரண்டு மூன்றுதான். இந்த இடைவெளியைக் கடப்பதுதான் பெரிய பயணம். அதில் எண்ணிக்கை வரிசை கொஞ்ச தூரம்தான் துணை வரும். ஏனென்றால் பட்டியலில் கீழே போகப் போக எல்லாச் சொற்களும் நான்கு தடவை, மூன்று தடவை என்று ஒரே மாதிரி ஆகிவிடும். மூன்று தடவை வரும் சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது எதை முதலில் படிப்பது என்று எண்ணிக்கை சொல்லாது.

தலைப்பு என்றால் இரண்டு அர்த்தம்

இங்கேதான் தலைப்புக் கட்சியைத் திரும்பக் கூப்பிட வேண்டும். ஆனால் 'தலைப்பு வாரியாக' என்று சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் கலக்கிறோம்.

ஒன்று, ஒரே இனத்துச் சொற்களின் பட்டியல். ஒரு டேனரிக்கு பீகாரிலிருந்து ஒருவர் புதிதாக வேலைக்கு வருகிறார். அவருக்கு முதல் நாளே 'ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், எருமைத்தோல், செம்மறித்தோல்' என்று நான்கையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் எது எது என்று குழம்புவார். இரண்டு, ஒரே காட்சியில் சேர்ந்து வரும் சொற்கள். 'டிரம், தண்ணி, ஊத்து, போதும், கதவு, மூடு.' இதில் ஒரே இனம் என்று எதுவும் இல்லை. பெயர் இருக்கிறது, வினை இருக்கிறது. ஆனால் ஒரு வேலையின் படிகளாக ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும்.

டிங்கம் என்ற ஆய்வாளர் 1997இல் இந்த இரண்டையும் தனித்தனியாகச் சோதித்தார். புதிதாக உருவாக்கிய சொற்களை ஆட்களுக்குக் கொடுத்து, எத்தனை முயற்சியில் மனப்பாடம் ஆகிறது என்று பார்த்தார். ஒரே இனத்துச் சொற்களைச் சேர்த்துக் கொடுத்தால் அதிக முயற்சி தேவைப்பட்டது. காட்சியாகச் சேரும் சொற்களைக் கொடுத்தால் சுலபமாக இருந்தது. அதே வருஷம் வாரிங் என்பவர் ஜப்பானியர்களை வைத்துச் செய்த சோதனையிலும் முதல் முடிவு அப்படியே வந்தது. பின்னால் வந்த சில ஆய்வுகளில் வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரே இனத்துச் சொற்களைச் சேர்த்துப் படிப்பது சுலபம் என்று பாடநூல்கள் எடுத்துக்கொள்வதற்கு ஆதாரம் அதிகம் இல்லை.

ஒலி ஒற்றுமையும் இதே குழப்பத்தைச் செய்யும். நம்ம காதுக்கு இரண்டு 'க'வும் ஒன்றுதான். தொண்டையிலிருந்து சொல்லும் 'கல்பு' இதயம், நாக்கின் பின்பக்கத்திலிருந்து சொல்லும் 'கல்பு' நாய். இரண்டையும் ஒரே நாளில் படிக்கக் கூடாது. ஒன்று நன்றாக ஊறிய பிறகு மற்றதைத் தொட வேண்டும்.

எண்ணிக்கை தேர்ந்தெடுக்கட்டும், பகுதி கற்றுக்கொடுக்கட்டும்

இதையெல்லாம் சேர்த்தால் கிடைக்கிற வழி இதுதான்: எந்தச் சொற்கள் என்பதை எண்ணிக்கை முடிவு செய்யட்டும். எந்தச் சொல்லை எதோடு சேர்த்து என்பதை ஒரு பகுதி, ஒரு காட்சி முடிவு செய்யட்டும். ஹைதராபாதில் அப்துல் அஸீஸ் அப்துர் ரஹீம் உருவாக்கிய பாடத்திட்டம் இப்படித்தான் போகிறது. அடிக்கடி வரும் சொற்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றைப் பட்டியலாகக் கொடுக்காமல், தொழுகையில் தினமும் ஓதுகிற சின்ன சூராக்கள் வழியாகக் கொடுக்கிறது.

இது ஏன் வேலை செய்யும் என்று அல்ஹம்து சூராவை வைத்துப் பார்க்கலாம். அதில் 29 சொற்கள். அல்லாஹ், ரப்பு, யவ்ம் (நாள்), அல்லதீன (எவர்களோ அவர்கள்), அலா, லா என்று எண்ணிக்கைப் பட்டியலின் மேல் பகுதியில் இருப்பவை பல அதிலேயே இருக்கின்றன. 'அலைஹிம்' என்ற ஒரே சொல்லைப் பிரித்தால் 'அலா' (மேல்), 'ஹிம்' (அவர்கள்) என்று இரண்டு கிடைக்கும். அந்த 'ஹிம்' குர்ஆனின் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் எதிர்ப்படும். இதைவிட முக்கியமான விஷயம், புதுச் சொல் படிப்பதில் பாதிக் கஷ்டம் அதன் ஒலியை நினைவில் வைப்பது. இங்கே ஒலி ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது. முப்பது நாற்பது வருஷமாக ஒரு நாளைக்குப் பல தடவை சொன்னது. அர்த்தத்தை மட்டும் ஒட்டினால் போதும். வெறும் எண்ணிக்கைப் பட்டியலுக்கு இந்த மனிதரின் நாக்கில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

அதே மாதிரி, ஏற்கெனவே வீட்டுத் தமிழில் இருக்கும் சொற்களும் பட்டியலுக்குத் தெரியாது. கிதாபு, துனியா, ஆகிரத், ரஹ்மத், மவுத்து, இல்மு எல்லாம் நாம் புழங்குபவை. இவற்றைத் தனியாக எடுத்து ஒரு நாளில் முடித்துவிடலாம். ஆனால் சரிபார்க்க வேண்டும். 'பித்னா' என்றால் நம்ம பேச்சில் கலகம் மூட்டுவது. குர்ஆனில் சோதனை என்ற அர்த்தம் பல இடங்களில் வரும். தெரிந்த சொல் என்று தாண்டிப் போனால் அங்கே தடுக்கும்.

நமக்குப் பழக்கமான இன்னொரு பெயரிலும் இந்தக் கலவை இருக்கிறது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில் தொடங்கி, 1953இல் சுமார் 2,000 சொல் கொண்ட ஆங்கிலப் பட்டியலை வெளியிட்டார். பல பாடநூல்களுக்கு அதுதான் அடித்தளம். அவரும் எண்ணிக்கையை மட்டும் நம்பவில்லை. கற்கச் சுலபமா, தவிர்க்க முடியாததா, இதே வேலையை வேறு சொல் செய்துவிடுமா என்றெல்லாம் பார்த்துத்தான் சேர்த்தார்.

நம்ம நாற்பது வயது ஆளுக்கு வரிசை போட்டால் இப்படி வரும். முதலில் வீட்டுத் தமிழில் இருக்கும் அரபிச் சொற்கள். அடுத்து அல்ஹம்துவும் தொழுகையில் ஓதும் சின்ன சூராக்களும். இங்கே அடிக்கடி வரும் சொற்களுக்கு மட்டும் அழுத்தம், அபூர்வமானதை மேலோட்டமாக விட்டுவிடலாம். மூன்றாவதாக, எண்ணிக்கைப் பட்டியலில் மேலே இருந்தும் இதுவரை எதிர்ப்படாத சொற்கள், ஒவ்வொன்றும் ஒரு வசனத்தோடு. அதற்குப் பிறகு பட்டியலை மூடி வைத்துவிட்டு, ஒரு கதையை எடுத்து முழுக்கப் படிப்பது. யூசுஃப் சூரா இதற்குத் தோதானது. ஒரே கதை ஆரம்பம் முதல் முடிவு வரை நூறு வசனத்துக்கு மேல் போகிறது. கிணறு, சட்டை, கனவு, ஓநாய், சிறை எல்லாம் கதையின் கையைப் பிடித்துக்கொண்டு வரும்.

எங்கே மாறுவது என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. இதுவரை படிக்காத ஒரு பக்கத்தை எடுத்து, தெரியாத சொற்களை பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். இருபதுக்கு மேல் கோடு விழுந்தால் இன்னும் எண்ணிக்கைப் பட்டியலில் வேலை பாக்கி இருக்கிறது. பத்துக்குக் கீழே வந்துவிட்டால் பட்டியல் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது. கோடு விழுந்த அந்தச் சொற்களைத்தான் அடுத்துப் படிக்க வேண்டும், அதே பக்கத்தில் வைத்து.